ஆம்லோடிபைனால் வளர்ந்த ஈறு: வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது என்ன?

கதிரேசன்

அப்பாவுக்கு 61 வயது. பிரஷருக்கு ஆம்லோடிபைன் சாப்பிடுகிறார். முதலில் 5 மி.கி., போன வருஷத்திலிருந்து 10 மி.கி. ஆறேழு மாதமாகவே முன்பற்களுக்கு நடுவில் ஈறு மணிமணியாகத் தடித்து வந்தது. இப்போது கீழ் முன்பற்களில் மூன்றில் ஒரு பங்கை ஈறு மூடிவிட்டது. வலி கிடையாது, பல் தேய்த்தால் மட்டும் இரத்தம் கசிகிறது. பல் மருத்துவர் பார்த்துவிட்டு, மருந்தால் வந்த வளர்ச்சி என்று சொல்லி, அடுத்த வாரமே வெட்டி எடுக்க நாள் குறித்திருக்கிறார். சீட்டில் "பாக்கெட் 6 மி.மீ." என்று எழுதியிருக்கிறது. சர்க்கரை நோய் இல்லை, ஆஸ்பிரின் 75 மி.கி. எடுக்கிறார். உடனே வெட்டித்தான் ஆக வேண்டுமா? வெட்டினால் மறுபடி வளராதா?

முத்துச்சரம்

வெட்டவே வேண்டாம் கதிரேசன். காரணம் அந்த மாத்திரைதானே? அதை நிறுத்தினால் ஈறு தானாகச் சுருங்கிவிடும். இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

செங்கமலம்

முத்துச்சரம் சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. மருந்தை *மாற்றினால்* பலருக்கு ஈறு சுருங்குகிறது. ஆனால் யாரும் தானாக *நிறுத்த*க் கூடாது. ஆம்லோடிபைன் உடம்பில் சில நாள் தங்கும் மருந்து. அதனால் நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றும் ஆகாததுபோல் தெரியும், அதற்குப் பிறகு அழுத்தம் பழைய அளவுக்கு ஏறிவிடும். 10 மி.கி. வரை தேவைப்பட்டவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. வலிப்பு மருந்தில் இந்தத் தப்பு இன்னும் மோசம். ஃபெனிடாயினைத் திடீரென்று விட்டால் விடாமல் தொடரும் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.

மாற்றுவது மருந்து எழுதியவரின் வேலை. ஈறைப் பாதிப்பது கால்சியம் நுழைவைத் தடுக்கும் குடும்பம்: நிஃபெடிபைன், ஆம்லோடிபைன், டில்டியாஸெம், வெராபமில். இதில் நிஃபெடிபைனுக்குத்தான் பேர் கெட்டது. ஆம்லோடிபைனில் நூற்றில் சிலருக்குத்தான் வருகிறது, ஆனால் அந்தச் சிலரில் உங்கள் அப்பா இருக்கிறார். மாற்றாக டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற வேறு குடும்பத்து மருந்துகளைப் பார்ப்போம். அவற்றைத் தொடங்கும் முன்பும், தொடங்கி ஒன்றிரண்டு வாரத்திலும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. அட்டையின் பின்பக்கம் மருந்தின் கலவை எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். ஆம்லோடிபைன் பல கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கிறது. "மாத்திரையை மாற்றிவிட்டோம்" என்று நினைத்துக்கொண்டு, வேறு பெயரில் அதே மருந்தைத் தொடர்ந்தவர்கள் உண்டு.

முத்துச்சரம்

சரி, நிறுத்துவது பற்றி நான் சொன்னது தப்பு, ஏற்கிறேன். சில்னிடிபைனுக்கு மாற்றினால் போதுமா? அதில் ஈறு வளராது என்கிறார்களே.

செங்கமலம்

அதுவும் அதே குடும்பம்தான். வளர்ச்சி குறைவு என்று சொல்லப்படுகிறது, ஆனால் அதிலும் ஈறு வளர்ந்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். வேறு வழியில்லாதபோது பார்க்கலாம். வேறு குடும்பத்துக்குப் போக முடிகிறவருக்கு அதுவே நல்லது.

நிலவழகன்

ஈறு சிகிச்சை என் தொழில் என்பதால் வெட்டுகிற பக்கத்தைச் சொல்கிறேன். கதிரேசன், அந்த "6 மி.மீ." என்ற ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஏன் என்று விளக்குகிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல்லில் வெள்ளை எனாமல் முடிந்து வேர் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு உண்டு. அதுதான் நமக்கு அசையாத அடையாளம். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் இறக்கும்போது, ஈறின் *மேல் விளிம்பிலிருந்து* அடிவரை அளக்கிறோம். இந்த இடைவெளிதான் பை, சீட்டில் உள்ள "பாக்கெட்". ஆரோக்கியமான ஈறில் இது 1 முதல் 3 மி.மீ. இப்போது ஈறு மேல்நோக்கி வளர்ந்தால் எலும்பு ஒன்றும் கரையாமலேயே அந்த ஆழம் கூடிவிடும்.

அப்பாவின் கீழ் முன்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் 6. ஈறு விளிம்பு அந்தக் கோட்டுக்கு மேலே 4 மி.மீ. ஏறி நிற்கிறது என்றால், 6-இல் 4 கழித்து, வேரில் ஈறு பிடிப்பு இழந்தது 2 மி.மீ. மட்டும். பெரும்பாலும் இது பொய்ப் பை. பக்கத்துப் பல்லிலும் ஆழம் 6, ஆனால் விளிம்பு கோட்டுக்கு 1 மி.மீ. மேலே என்றால் இழப்பு 5 மி.மீ. அது எலும்பு கரைந்த உண்மைப் பை. சீட்டில் இரண்டும் "6" என்றுதான் இருக்கும். வைத்தியமோ வேறு வேறு. முதலாவதை ஈறை மட்டும் சீவி எடுத்துச் சரிசெய்யலாம். இரண்டாவதை அப்படிச் சீவினால் உள்ளே இருக்கும் எலும்புக் குழி அப்படியே இருக்கும், ஆழமும் திரும்பும்.

ஆகவே மருத்துவரிடம் இரண்டு கேளுங்கள்: ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு இடத்தில் ஆழமும், விளிம்பிலிருந்து கோட்டுக்கு உள்ள தூரமும் எழுதிய அட்டவணை, எலும்பு தெரியும் எக்ஸ்ரே.

இராப்பூ

நான் சுத்தப்படுத்தும் வேலையில் இருப்பவள். நிலவழகன் சார் சொல்வதோடு இதையும் சேருங்கள். இரத்தம் கசிந்துகொண்டிருக்கும் ஈறை வெட்டக் கூடாது. வீங்கிய ஈறில் எங்கே வீக்கம் முடிகிறது, எங்கே உண்மையான ஈறுச் சதை தொடங்குகிறது என்றே தெரியாது. மருந்தால் தடித்த பகுதி இளஞ்சிவப்பாக, கெட்டியாக, அழுத்தினால் இறுகி இருக்கும். அழுக்கால் வீங்கிய பகுதி சிவந்து, மிருதுவாக, தொட்டாலே கசியும். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். சுத்தம் செய்தால் இரண்டாவது பாதி வடிந்துவிடும். மீதிதான் வெட்டுக்குரியது.

மருந்து மட்டும் தனியாக இதைச் செய்வதில்லை. ஈறு ஓரத்தில் அழுக்கு படிகிறது, ஈறு தடிக்கிறது, தடித்த ஈறின் அடியில் பிரஷ் போகாது, இன்னும் அழுக்கு சேர்கிறது. இந்தச் சுழற்சியை நிறுத்துவதுதான் சுத்தப்படுத்துதல்.

முதல் தடவை வாயை இரண்டு பாதியாகப் பிரித்து இரண்டு சிட்டிங். அல்ட்ராசோனிக் கருவியில் ஈறுக்கு மேலே பல்லில் இறுகியிருக்கும் காரையைத் தட்டி எடுத்துவிட்டு, ஈறுக்குள் மெல்லிய முனையுள்ள கைக்கருவியால் வேரின் மேற்பரப்பைச் சுரண்டுவோம். ஆழமான இடங்களுக்கு மரத்துப்போகும் ஊசி போடுவது நல்லது, இல்லையென்றால் அடிவரை போக நோயாளி விடமாட்டார். அடியில் ஒட்டிய கருப்புக் காரை ஒரு துண்டு விட்டாலும் அந்தப் பல்லில் இரத்தம் நிற்காது. 4 முதல் 6 வாரம் கழித்து எல்லாம் நன்றாக இருக்க, ஒரே பல் மட்டும் கசிந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

வீட்டில்: மிருதுவான பிரஷை ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்துச் சின்ன அசைவு. பல் இடுக்குக்கு இடுக்கு பிரஷ். வளர்ந்த ஈறு இடுக்கை அடைத்திருந்தால் முதலில் மெல்லிய அளவிலேயே தொடங்குங்கள், சுருங்கச் சுருங்க அளவைக் கூட்டுங்கள். இதை யாரும் சொல்லாததால் முதல் நாள் வாங்கிய மெல்லிய பிரஷையே பலர் வருஷக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். அது இடுக்கில் தொளதொளவென்று போய் வரும், ஒன்றையும் தேய்க்காது. 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் 10 மி.லி., காலை மாலை ஒரு நிமிஷம் கொப்பளிக்கலாம், பல் தேய்த்து அரை மணி கழித்து. பேஸ்ட்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம், பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும்.

அன்னம்

என் மகளுக்கு 9 வயது, வலிப்புக்கு ஃபெனிடாயின் ஒரு வருஷமாகத் தருகிறோம். ஈறு வளர்ந்துவிட்டது. ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுத்தால் சுருங்கும் என்று படித்தேன். நாளை முதல் தொடங்கலாமா?

செங்கமலம்

அன்னம், நீங்கள் படித்தது அநேகமாக 2011-இல் வந்த ஆய்வு. 6 முதல் 15 வயதுள்ள 120 குழந்தைகள், ஃபெனிடாயின் *தொடங்கும்போதே* தினம் 0.5 மி.கி. ஃபோலிக் ஆசிட், ஆறு மாதம். ஃபோலிக் ஆசிட் எடுத்த குழுவில் 21 சதவீதத்துக்கு ஈறு வளர்ந்தது, எடுக்காத குழுவில் 88 சதவீதத்துக்கு. நல்ல பலன்தான். ஆனால் அது வராமல் தடுத்தது, வளர்ந்த ஈறைச் சுருக்கியது இல்லை. அதிக அளவு ஃபோலிக் ஆசிட் இரத்தத்தில் ஃபெனிடாயின் அளவைக் குறைத்து வலிப்பைத் திரும்ப வரவழைக்கக்கூடும். அதனால் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இவளுடைய வலிப்பு வகைக்கு லெவெடிராசெட்டம் போன்ற வேறு மருந்து பொருந்துமா?" பொருந்தும் என்றால் பழையதைப் படிப்படியாகக் குறைத்து, புதியதைப் படிப்படியாகக் கூட்டுவார். ஒரு வருஷமாக வலிப்பே இல்லாத குழந்தைக்கு, ஈறுக்காக மருந்தைத் தொடலாமா என்று அவர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. அப்போது சுத்தம்தான் முதல் ஆயுதம்.

இராப்பூ

9 வயதில் குழந்தையே தேய்த்தால் போதாது, அன்னம். இரவில் நீங்கள் பின்னால் நின்று, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு தேய்த்துவிடுங்கள். அப்போதுதான் மேல் ஈறு விளிம்பு கண்ணுக்குத் தெரியும்.

கதிரேசன்

எல்லாருக்கும் நன்றி. வெட்டும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டோம். இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ஆம்லோடிபைனுக்குப் பதில் டெல்மிசார்டன் 40 எழுதினார்கள், அழுத்தம் வீட்டிலேயே காலை மாலை குறித்து வைக்கிறோம். இரண்டு சிட்டிங்கில் சுத்தம் முடிந்தது. எவ்வளவு நாள் காத்திருப்பது? லேசர் இருந்தால் நேரடியாக அதிலேயே முடித்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

நிலவழகன்

மருந்து மாறிய பின் முதல் மாற்றம் ஒன்றிலிருந்து எட்டு வாரத்தில் தெரியத் தொடங்கும். முழுதாகத் தெரிய ஆறு மாதத்துக்கு மேலும் ஆகலாம். நான் சுத்தம் முடிந்து 4 முதல் 6 வாரத்தில் ஒரு அளவு, மூன்று மாதத்தில் இன்னொரு அளவு எடுப்பேன். இரண்டுக்கும் இடையில் குறைந்துகொண்டே வந்தால் கத்தியை எடுக்கமாட்டேன். இரண்டு அளவும் ஒன்றாகவே நின்று, மீதமுள்ள ஈறு கெட்டியாக இருந்தால் அதுதான் வெட்டுக்குரியது.

லேசர் பற்றி: இரத்தம் குறைவு, உங்கள் அப்பா ஆஸ்பிரின் எடுப்பதால் அது ஒரு வசதி. ஆனால் லேசருக்கு எலும்புக் குழியைச் சரிசெய்யத் தெரியாது. பழக்கமில்லாத கையில் வேர், எலும்பு பக்கம் சூடு பட்டால் ஆறுவது தாமதமாகும். மறுவளர்ச்சி லேசரில் குறைவு என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை, என் கண்ணில் பெரிய வித்தியாசம் படவில்லை.

ஒரு எச்சரிக்கை. ஒரே பல் அருகே மட்டும் கட்டிபோல் வளர்ந்தால், அல்லது சில வாரத்துக்குள் வேகமாக வீங்கி, உடல் வெளிறி, காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டுகள் சேர்ந்தால், மருந்தின் மேல் பழியைப் போட வேண்டாம். உடனே இரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். சில இரத்தப் புற்றுநோய்கள் முதலில் ஈறில்தான் காட்டும்.

கதிரேசன் (மூன்று மாதம் கழித்து)

மறு அளவு வந்தது. அழுத்தம் 130/80-ஐ ஒட்டி இருக்கிறது. மேல் முன்பற்களில் ஆழம் 5-இலிருந்து 3 ஆகிவிட்டது, ஈறும் சுருங்கிவிட்டது. கீழே நடு நான்கு பற்களில் மட்டும் 6 இருந்தது 5-இல் நிற்கிறது, ஆறு வாரத்திலும் 5, இப்போதும் 5. விளிம்பு கோட்டுக்கு மேலே 3 மி.மீ., எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்கிறார். இரத்தம் வருவதில்லை. இந்த நான்கு பல்லுக்கு மட்டும் ஈறு சீவுதல் போதும் என்கிறார். சரிதானா?

நிலவழகன்

சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் சரியான தேர்வு. ஆறு பல்லுக்குள், எலும்புக் குழி இல்லை, பொய்ப் பை. ஆறு பல்லுக்கு மேல் இருந்தாலோ, எலும்பு கரைந்திருந்தாலோ ஈறை மடிப்பாக விரித்துத் திறந்து, உள்பக்கத்திலிருந்து மெலிதாக்கி, திரும்பத் தைக்கும் ஃப்ளாப் முறைக்குப் போவோம். அதில் ஆறுவது சீக்கிரம், திறந்த புண் இருக்காது.

ஒன்று மட்டும் உறுதி செய்யச் சொல்லுங்கள்: வெட்டிய பிறகு, பல்லோடு ஒட்டிய கெட்டியான ஈறு மேலிருந்து கீழாக 3 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும். கீழ் முன்பல் பகுதியில் அந்தக் கெட்டி ஈறு பலருக்குக் குறைவாகவே இருக்கும். வெட்டு அதைத் தாண்டி அசையும் மெல்லிய தோலுக்குள் போனால், உதட்டை இழுக்கும்போதெல்லாம் ஈறு பல்லிலிருந்து பிரியும். அந்தத் தவறை அப்புறம் சரிசெய்வது கஷ்டம்.

அன்று நடப்பது இதுதான். காலையில் வழக்கமான மாத்திரை, வழக்கமான சாப்பாடு. நாற்காலியில் அழுத்தம் பார்ப்பார்கள். 180/110 தொட்டால் அன்று வேண்டாம். ஆஸ்பிரின் 75-ஐ இதற்காக நிறுத்தச் சொல்வதில்லை. ஊசியில் அட்ரினலின் இருக்கும், அழுத்த நோயாளிக்கு அளவைக் கட்டுப்படுத்தி, இரத்தக் குழாயில் ஏறாதபடி இழுத்துப் பார்த்துப் போடுவார்கள். பிறகு பையின் அடி எங்கே என்று வெளியிலிருந்து சின்னச் சின்ன இரத்தப் புள்ளிகளால் குறிப்பார்கள். வெட்டு அந்தப் புள்ளிகளுக்குச் சற்று கீழே தொடங்கி, கத்தியைச் சாய்த்து, பல்லை நோக்கி மேலே ஏறும். அந்தச் சாய்வு சுமார் 45 டிகிரி. சாய்வே இல்லாமல் நேராக வெட்டினால் ஈறு ஒரு திண்ணைபோல் தடித்து நிற்கும், அந்தத் திண்ணையில் அழுக்கு தேங்கும், ஆறே மாதத்தில் திரும்ப வளரும். மறுபடி வளர்ந்தது என்று வருபவர்களில் இந்தத் திண்ணையைப் பார்த்திருக்கிறேன். இடுக்கில் தனிக் கத்தியால் விடுவித்து, வேரைச் சுத்தம் செய்து, புண்ணின் மேல் பசைபோல் ஒரு கட்டு வைப்பார்கள். வெட்டிய திசுவைத் தூக்கி எறியாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இராப்பூ

கட்டு சுமார் 7 நாள். அந்தப் பக்கம் பிரஷ் வேண்டாம், கொப்பளிப்பு மட்டும். கட்டு மூன்றாம் நாளே விழுந்துவிட்டால் பயப்பட வேண்டாம், வலி இருந்தால் திரும்ப வைக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் எச்சிலில் இரத்தக் கோடு தெரிவது வழக்கம். ஈரத் துணியை 20 நிமிஷம் அழுத்திப் பிடித்தும் நிற்காமல் வடிந்தால் அழைக்க வேண்டும். கட்டு எடுத்தபின் ஈறு சிவந்து பளபளவென்று இருக்கும், மேல்தோல் 5 முதல் 14 நாளில் மூடிவிடும், முழுதாகப் பக்குவப்பட ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும்.

செங்கமலம்

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென் தவிர்க்கலாம்: அழுத்தத்தைக் கூட்டும், டெல்மிசார்டனோடு சேர்ந்து சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும்.

முத்துச்சரம்

அசித்ரோமைசின் மூன்று நாள் கொடுத்தால் வெட்டாமலேயே சுருங்கும் என்று படித்தேன். உண்மையா?

நிலவழகன்

சிறுநீரக மாற்று செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினால் வளர்ந்த ஈறில் அது உதவியதாக ஆய்வுகள் உண்டு. அழுத்த மருந்து, வலிப்பு மருந்தால் வளர்ந்ததில் அதை நம்பி நான் எழுதுவதில்லை. என் சக மருத்துவர் ஒருவர் எழுதுகிறார், பலன் பார்த்ததாகச் சொல்கிறார். அவர் சுத்தமும் சேர்த்தே செய்கிறார் என்பதால் எது உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்னம்

நரம்பியல் மருத்துவர் இப்போதைக்கு ஃபெனிடாயினைத் தொட வேண்டாம் என்றார். இராப்பூ சொன்ன மாதிரி இரவில் நான் தேய்க்கிறேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்கிறோம். மருந்து தொடரும்போது ஒருநாள் வெட்டினால் எவ்வளவு நாள் நிற்கும்?

நிலவழகன்

மருந்து தொடர்ந்தால் உத்தரவாதம் கிடையாது, அம்மா. சுத்தம் சரியாக இருப்பவர்களுக்கு ஒரு வருஷமாவது நிற்கிறது. சுத்தம் தவறினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் திரும்பத் தொடங்கியதைப் பார்க்கிறோம். அதனால் ஈறு பல்லை மூடி உணவு மெல்வதோ, புதுப் பல் முளைப்பதோ தடைபட்டால் மட்டும் வெட்டுவேன். உங்கள் மகள் 9 வயது என்றால், மேல் கோரைப்பற்கள் வரும் காலத்தில் அதை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கதிரேசன்

வெட்டி 12 நாள் ஆகிறது. கட்டு ஏழாம் நாள் எடுத்தார்கள். ஈறு விளிம்பு சீராகச் சரிந்து இறங்குகிறது, திண்ணை இல்லை. ஒரு இடுக்கில் மட்டும் ஈறு முழுதாக மூடாமல் சின்னக் கருப்பு இடைவெளி தெரிகிறது. இடுக்கு பிரஷ் அளவை ஒரு படி கூட்டலாமா, இன்னும் காத்திருக்கலாமா?

இராப்பூ

பிரஷ் இடுக்குக்குள் தளர்வாகப் போனால் கூட்டுங்கள். இழுத்துத் தள்ள வேண்டியிருந்தால் ஆறாவது வாரம்வரை பழைய அளவே. அந்த இடைவெளி சில மாதத்தில் கொஞ்சம் நிறையலாம், அப்படியே இருக்கவும் கூடும். ஆனால் இனி அங்கே பிரஷ் நேராகப் போகும்.